தேனி மாவட்டத்தில் செக்கு நல்லெண்ணெய் விநியோக உரிமை: முன்மொழிவு

திருமங்கலம்,
2 ஜூன் 2025

பெறுநர்: உரிமையாளர் அவர்கள், மளிகை மொத்த வணிகம், தேனி.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சென்ற மாதம் தாங்கள் எங்கள் ஆலைக்கு வந்து, வாகை மரச்செக்கில் கருப்பட்டி சேர்த்து எள் ஆட்டுவதை நேரில் பார்த்துச் சென்றீர்கள். அன்று பேசியதன் தொடர்ச்சியாக, எங்கள் நல்லெண்ணெயைத் தேனி மாவட்டத்தில் விநியோகிக்கும் பொறுப்பைத் தாங்கள் ஏற்க வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன்.

ஆண்டிபட்டி கணவாய்க்கு மேற்கே ஆண்டிபட்டி, தேனி, போடி, பெரியகுளம், உத்தமபாளையம் ஆகிய ஐந்து வட்டங்களும் தங்களுக்கு மட்டுமே உரியவை. அங்குள்ள கடைகளுக்கு நாங்களோ எங்கள் வேறு விநியோகஸ்தரோ சரக்கு அனுப்ப மாட்டோம், அங்கிருந்து நேரடியாக எங்களைக் கேட்கும் கடைக்காரரையும் தங்களிடமே அனுப்புவோம். உசிலம்பட்டியும் வத்தலக்குண்டும் இதில் சேரா.

ஒரு லிட்டர் பாட்டிலில் அச்சிட்ட விலை 420 ரூபாய். தங்களுக்கு 340, தாங்கள் கடைக்குக் கொடுப்பது 370. மூன்றிலும் 5 சதவீத ஜிஎஸ்டி அடக்கம் என்பதால், தங்களுக்குக் கிடைக்கும் 30 ரூபாயில் வரி போக நிற்பது 28 ரூபாய்க்குச் சற்று அதிகம். வண்டி வாடகையைத் தேனி கிடங்கு வரை நாங்கள் ஏற்கிறோம். அங்கிருந்து கடைகளுக்கான செலவு தங்களுடையது. கடை விலையை 370க்குக் கீழே இறக்க வேண்டாம் என்பது என் உறுதியான வேண்டுகோள், ஏனெனில் ஓர் ஊரில் விலை உடைந்தால் அடுத்த ஊர்க் கடைக்காரர் நம்பிக்கை இழப்பார்.

முதல் மூன்று மாதங்களுக்கு மாதம் 600 லிட்டரும், அதன்பின் 1,000 லிட்டரும் எதிர்பார்க்கிறோம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும், சபரிமலைக்குச் செல்லும் வண்டிகள் கம்பம் சாலையில் நிறையும் கார்த்திகை, மார்கழியிலும் கூடுதலாகத் தேவைப்படலாம். எனவே அந்த மாதங்களுக்கான ஆர்டரை இருபது நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டுகிறேன், செக்கில் அவசரமாக ஆட்டி அனுப்ப இயலாது. முதல் ஆர்டருக்குப் பாதித் தொகை முன்பணம். பின்னர் சரக்கு இறங்கிய நாளிலிருந்து 21 நாள் கடன்.

சரக்கு வைக்கும் இடம் பற்றி மட்டும் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. முன்பு வேறு மாவட்டத்தில் ஒருவர் தகரக் கூரையின் கீழ் வெயிலில் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்ததால் எண்ணெயில் சிக்கு வாடை ஏறி, அதை வாங்கிய குடும்பங்கள் எங்களையே குறை சொன்னார்கள். அந்த வருத்தம் இன்னும் எனக்கு ஆறவில்லை. ஆகவே நிழலும் காற்றோட்டமும் உள்ள அறையும், பழைய சரக்கை முதலில் அனுப்பும் வழக்கமும் கட்டாயம் வேண்டும். அப்படி வைத்தும் விற்காத பாட்டில்களை, ஆட்டிய நாளிலிருந்து 60 நாளுக்குள் திருப்பினால் முழுத் தொகையையும் கழித்துக்கொள்ளலாம். கசிவுள்ள பாட்டிலுக்கு மாற்று உடனே தரப்படும்.

இந்த ஏற்பாடு முதலில் ஓராண்டுக்கு இருக்கட்டும். விலக விரும்பும் தரப்பு இரண்டு மாதம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தங்களுக்குச் சம்மதமானால் ஜூன் 14, சனிக்கிழமை காலை தங்கள் கிடங்குக்கு வந்து இடத்தைப் பார்த்து, எங்கள் உணவுப் பாதுகாப்பு உரிம நகலுடன் ஒப்பந்த வரைவையும் தருகிறேன். விலையிலோ அளவிலோ மாற்றம் வேண்டுமென்றால் அதற்கு முன்பே எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உரிமையாளர், மரச்செக்கு எண்ணெய் ஆலை,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.