லட்சுமி அக்காவுக்கு, காலை ஓட்டம் பற்றி

லட்சுமி அக்கா,

ஓணம் லோடு எல்லாம் முடிந்து இப்போதுதான் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பீர்கள். நேற்று கடைத்தெருவில் அண்ணாச்சியைப் பார்த்தேன். தடியங்காயும் சேனையும் இந்த வருஷம் கடைசி நாள் வரை ஏறிக்கொண்டே இருந்ததாம். உத்திராடத்துக்கு முந்தின ராத்திரி புளியரையில் லாரி வரிசை நகரவே இல்லையாம். நீங்கள் தினமும் ஒரு மணி வரை கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்ததையும் அவர்தான் சொன்னார். நீங்கள் என்னிடம் சொன்னதெல்லாம் ‘சாரி செல்வி, இன்னைக்கும் முடியல’ மட்டும்தான்.

அந்த சாரியைப் பற்றித்தான் எழுத வந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும். கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் படியுங்கள்.

ஆடி பாதியில் இருந்து நீங்கள் சரியாக வர முடியவில்லை. முதலில் காரணம் எழுதி அனுப்பினீர்கள். அப்புறம் காரணம் இல்லாமல் சாரி மட்டும் வந்தது. இப்போது அதுவும் வருவதில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் என்னைப் பார்த்ததும் பிரகாரத்தில் அந்தப் பக்கமாகப் போனீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இல்லையென்றால் சந்தோஷம். ஆமாம் என்றால், தயவுசெய்து வேண்டாம் அக்கா. நீங்கள் ஓடவில்லை என்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஓடாததற்காக என்னிடம் முகம் கொடுக்காமல் போனால்தான் வருத்தம்.

ராத்திரி ஒரு மணிக்குப் படுத்துவிட்டு ஐந்து மணிக்கு எழுந்து ஓட வருவேன் என்று நீங்கள் சொல்லியிருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். தூக்கம் போதாமல் ஓடினால் உடம்பு தேறாது, அடிபடுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அந்த வாரங்களில் நீங்கள் தூங்கியதே சரி.

என்னைப் பற்றியும் கவலை வேண்டாம். இருட்டில் ஒரு பொம்பளை தனியாக ஓடினால் இந்த ஊரில் என்னென்ன கேள்வி வரும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் உங்களால் நான் மாட்டிக்கொண்டேன் என்று நினைத்திருப்பீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. நீங்கள் வராத நாட்களில் பள்ளிக்கூட மைதானத்தில் சுற்றுகிறேன். வாலிபால் பையன்கள் விடியும் முன்பே வந்துவிடுகிறார்கள். நான் அவர்கள் டீச்சர் என்பதால் ஓரமாக வழிவிட்டுவிடுகிறார்கள். என்ன, ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருவது கொஞ்சம் அலுப்பு. சாலையில் உங்களோடு பேசிக்கொண்டே ஓடுவது போல அது இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் மாட்டிக்கொண்டு நிற்கவில்லை.

எனக்கு ஒன்று தோன்றுகிறது, தப்பாக இருந்தால் சொல்லுங்கள். நீங்கள் விட்ட நாட்களை எல்லாம் மனசுக்குள் ஒரு நோட்டில் பாக்கியாக எழுதி வைத்திருக்கிறீர்கள். கமிஷன் கடைக் கணக்கில் பழைய பாக்கியைத் தீர்க்காமல் புதுச் சரக்கு கேட்க ஒரு மாதிரி கூச்சமாக இருக்கும் இல்லையா, அந்தக் கூச்சம்தான் இங்கேயும். ஆனால் ஓட்டத்தில் பாக்கி என்று ஒன்று கிடையாது அக்கா. விட்ட கிலோமீட்டரை யாரும் திருப்பிக் கட்டவும் முடியாது, கட்டவும் கூடாது. ஒரேயடியாகக் கட்டப் பார்க்கிறவர்கள்தான் இரண்டாவது வாரத்தில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்கிறார்கள்.

லண்டனில் யுனிவர்சிட்டி காலேஜில் ஒரு ஆய்வு செய்தார்கள், 2010-இல் வெளியானது. 96 பேரிடம் ஆளுக்கு ஒரு புதுப் பழக்கத்தைத் தினமும் செய்யச் சொல்லி, அது தானாக வர எவ்வளவு நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். சராசரியாக 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளில் இருந்து 254 நாள் வரை வித்தியாசம். எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் ஒன்றும் கெட்டுவிடவில்லை. நமக்கு விட்டது ஒரு நாள் இல்லை என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. சரிதான், அந்த ஆய்வு நம் ஓணத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆனாலும் 18-க்கும் 254-க்கும் நடுவில் நமக்கும் ஒரு இடம் இருக்கும்தானே.

உடம்பு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், முதல் நாள் வந்து மூச்சு வாங்கியதும் ‘எல்லாம் போச்சு’ என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. இரண்டு மூன்று வாரம் ஓடாமல் இருந்தாலே உடம்பில் ரத்தத்தின் அளவு கொஞ்சம் குறையும். அதனால் முன்பு சாதாரணமாக ஓடிய வேகத்துக்கே நெஞ்சு படபடவென்று அடிக்கும். பயப்பட ஒன்றுமில்லை. மறுபடி ஓட ஆரம்பித்தால் அது சீக்கிரமே திரும்பிவிடும், முதன்முதலாக ஓட ஆரம்பித்தபோது ஆன அளவுக்கு நாள் ஆகாது. ஆனால் ஒன்று, மூச்சு சரியாகிற வேகத்தில் தசைநாரும் மூட்டும் சரியாகாது. அதற்கு மெதுவாகத்தான் பழக வேண்டும். ‘மூச்சு வாங்கவில்லையே, இன்னும் கொஞ்சம் போகலாம்’ என்று தோன்றுகிற அன்றைக்குத்தான் கவனமாக இருக்க வேண்டும். உங்கள் வலது முட்டி எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அதனால் நான் யோசித்து வைத்திருப்பது இதுதான். பழைய திட்டத்தை அப்படியே விட்டுவிடுவோம். வாரத்துக்கு நாலு நாள், ஐந்தேகால் மணி என்பதெல்லாம் சித்திரையில் கடை மந்தமாக இருந்தபோது போட்டது. உங்கள் வேலைக்கு அது ஒத்து வராது. செவ்வாய், சனி இரண்டு நாள் மட்டும் வைத்துக்கொள்வோம். நேரம் 5.45. அப்போது கிளம்பினால் பாதி வழியிலேயே வெளிச்சம் வந்துவிடும், டார்ச்சும் வேண்டாம், அந்த ரயில்வே கேட் நாயும் வெளிச்சத்தில் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்கிறது. மொத்தம் இருபது நிமிடம். இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம். பேச்சு நின்றால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். நம் இரண்டு பேருக்கும் அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது, பேச்சு நிற்கிற ஆட்களா நாம்.

இருபது நிமிடம் என்ன பெரிய ஓட்டம் என்று தோன்றும். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி, இல்லை 75 நிமிடக் கடுமையான உடற்பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாம் அதில் பாதி கூட வரமாட்டோம். வராவிட்டால் போகட்டும். கொஞ்சமாவது அசைவது ஒன்றுமே இல்லாமல் இருப்பதைவிட நல்லது என்றும் அவர்களேதான் சொல்கிறார்கள். எனக்கு வேண்டியது உங்கள் கிலோமீட்டர் இல்லை. அந்த இரண்டு நாளும் ஷூ காலில் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

வர முடியாத அன்றைக்கு ராத்திரியே ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை போட்டால் போதும். காரணம் வேண்டாம், சாரி நிச்சயமாக வேண்டாம். மறந்துவிட்டாலும் ஒன்றுமில்லை, 5.50 வரை பார்த்துவிட்டு நான் மைதானத்துக்குத் திரும்பிவிடுவேன். பின்னால் அதைப் பற்றிக் கேட்கவும் மாட்டேன். நான் வர முடியாத நாளும் வரும், மாமியாருக்கு அடுத்த மாதம் கண் ஆபரேஷன் இருக்கிறது. அப்போது நானும் ‘இல்லை’ என்று மட்டும்தான் போடுவேன்.

இப்போது ஆரம்பிப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக அடித்த காற்று ஞாபகம் இருக்கிறதா? மேற்கே திரும்பினால் யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. சாரல் வேறு. அந்தக் காற்று இப்போது தணிந்துவிட்டது. ஐப்பசி மழை பிடிப்பதற்கு இன்னும் சில வாரம் இருக்கிறது. நம் ஊரில் ஓடுவதற்கு இதைவிட நல்ல நாட்கள் கிடையாது. கண்ணுப்புளி மெட்டுச் சாலையில் வெயில் ஏறும் முன் மலை முழுசாகத் தெரிகிறது, மேகம் கூட இல்லை. போகும்போது மேற்கே போய், வரும்போது காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வரலாம், மிச்சமிருக்கிற கொஞ்சக் காற்றும் நமக்கு உதவட்டும். மழை பிடித்ததும் என்ன செய்வது என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் நேராகக் கேட்டுவிடுகிறேன். கடை வேலை தவிர வேறு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். என் வேகம் உங்களுக்கு ஒத்துவரவில்லையா, தெருவில் யாராவது ஏதாவது சொன்னார்களா, வீட்டில் பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லையா. இல்லை, ஓடுவதே அலுத்துப்போய்விட்டதா. அப்படி இருந்தாலும் அது குற்றம் இல்லை. ஓட்டம் வேண்டாம், இலஞ்சிக் கோயில் வரை நடந்துவிட்டு வரலாம் என்று நீங்கள் சொன்னால் எனக்கு அதுவும் சம்மதம். ஓடுவதற்கு ஆள் கிடைத்ததால் நாம் பழகவில்லை, தெரியும்தானே.

போன தையில் முதல் தடவை நிற்காமல் பாலம் வரை ஓடியதும் ‘இதை நானா ஓடினேன்’ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தீர்கள். அந்த அக்கா எங்கேயும் போய்விடவில்லை, ஓணத்துக்குக் காய் ஏற்றிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

வருகிற செவ்வாய் 5.45-க்கு வளைவுக்குக் கீழே நிற்கிறேன். வந்தால் இருபது நிமிடம். முதல் நாள் என்பதால் அதற்கு மேல் ஒரு அடி கூட ஓடவிட மாட்டேன், நீங்கள் கெஞ்சினாலும். புது ஷூ எதுவும் வாங்க வேண்டாம், பழையதில் லேஸ் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், போன தடவையே பிய்கிற மாதிரி இருந்தது. என்னிடம் ஒரு ஜோடி லேஸ் புதிதாகக் கிடக்கிறது, எடுத்து வருகிறேன்.

அண்ணாச்சியிடம் சனிக்கிழமை பற்றி இப்போதே சொல்லி வையுங்கள். அன்றைக்குக் காலை லோடு இருந்தால் சனிக்குப் பதில் ஞாயிறு வைத்துக்கொள்ளலாம், எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

செல்வி