கோயில் கட்டட ஆய்வறிக்கை: செயற்குழுவுக்கான ஒரு பக்கச் சுருக்கம்

பெறுநர்: செயற்குழு உறுப்பினர்கள், டொங்காட், தென்னாப்பிரிக்கா
அனுப்புநர்: கட்டடப் பராமரிப்புத் துணைக்குழு
மூலம்: 68 பக்க ஆய்வறிக்கை (அடைப்புக்குறிக்குள் உள்ளவை அதன் பக்க எண்கள்)

குழு முடிவெடுக்க வேண்டியது

கோபுரத்துக்கு வர்ணம் பூசுவதை ஓராண்டு தள்ளிவைத்து, முதலில் வடிகாலையும் கருவறைச் சுவர்களையும் சரிசெய்ய ஒப்புதல் வேண்டும். அதுவரை கும்பாபிஷேக நாள் குறிக்க வேண்டாம்.

கண்டறிந்தவை

கோபுரம் உறுதியாக இருக்கிறது. சிற்பங்களில் மேற்பூச்சு விரிசல்கள் மட்டுமே (12).

கவலை சுவர்களில்தான். நம் முன்னோர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டியவை அவை. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். பிற்காலப் பழுதுபார்ப்புகளில் மேலே சிமெண்ட் பூசிவிட்டதால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, வர்ணத்தைத் தள்ளுகிறது (19–31). எத்தனை முறை வர்ணம் பூசினாலும் உரியத்தான் செய்யும். ஈரம் வரும் வழியும் தெரிந்துவிட்டது: பின்புற வடிகால். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அது மண்மூடியது. ஊரின் நீர் சுத்திகரிப்பு நிலையமே சேதமாகி, குடிதண்ணீருக்கு மாதக்கணக்கில் தவித்த நேரம் அது. வடிகால் இன்னும் தூர்வாரப்படவில்லை (34).

சமையல் கூடத்தின் கூரைத் தகடுகள் ஆஸ்பெஸ்டாஸ். இரண்டு உடைந்துள்ளன (47).

இடர்கள்

மிகப் பெரியது சட்டம். 60 ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடத்தை அனுமதியின்றி மாற்றுவது, 1999ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டப்படி குற்றம். நம் மாகாணத்தில் அனுமதி தருவது அமாஃபா என்ற மரபுவள அமைப்பு. சிமெண்ட் பூச்சை உரிப்பதற்கும் முன்கூட்டியே அவர்களிடம் போக வேண்டும் (52).

உடைந்த தகடுகளைத் தொண்டர்கள் கழற்றவே கூடாது. அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். பதிவுபெற்ற ஒப்பந்தக்காரர்தான் செய்ய வேண்டும். புரட்டாசிச் சமையலுக்குப் பிள்ளைகளும் அங்கே வருகிறார்கள் என்பதால் இதைத் துணைக்குழு அழுத்திச் சொல்கிறது.

பணம் வர்ணத்துக்கென்று கேட்டு வாங்கியது. நன்கொடையாளர்களிடம் சொல்லாமல் வேறு வேலைக்கு மாற்றினால் நம்பிக்கை போகும்.

அடுத்த படிகள்

சமையல் கூடத்தை இந்த வாரமே பூட்டி, அன்னதானச் சமையலைப் பந்தலுக்கு மாற்ற வேண்டும். செயலாளர் பொறுப்பு. வடிகாலைத் தூர்வார அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, உடனே தொடங்கலாம்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த, மரபுக் கட்டடங்களில் பழகிய கட்டடக் கலைஞரை அமர்த்தி, தைப்பூசக் காவடி முடிந்ததும் அமாஃபாவுக்கு விண்ணப்பிக்கலாம். சுவர் வேலைக்கு இங்குக் குளிர்காலமான மே முதல் ஆகஸ்ட் வரையிலான வறண்ட மாதங்களே ஏற்றவை. அனுமதி அதற்குள் வராவிட்டால் மழையில் தொடங்காமல் அடுத்த குளிர்காலம் வரை பொறுப்பது நல்லது.

நன்கொடையாளர்களுக்குப் பொருளாளர் கடிதம் எழுதி, சுவரின் புகைப்படங்களையும் (25) இணைக்க வேண்டும். பணத்தைத் திரும்பக் கேட்பவர்களுக்குத் தயங்காமல் கொடுத்துவிடலாம்.