பொருள்: ஆகஸ்ட் 10 முதல் 21 வரை பத்து நாள் விடுப்பு, அக்கா மகள் திருமணத்துக்காக டொராண்டோ பயணம்

18 மே 2026

வணக்கம் மேடம்,

என் அக்கா மகளுக்கு ஆகஸ்ட் 15, சனிக்கிழமை கனடாவில் டொராண்டோவில் திருமணம். அம்மாவை அழைத்துக்கொண்டு நான் போக வேண்டும். அதற்காக ஆகஸ்ட் 10, திங்கள் முதல் 21, வெள்ளி வரை பத்து வேலை நாள்கள் விடுப்பு கேட்கிறேன். 24ஆம் தேதி திங்கள் காலை வேலையில் இருப்பேன். என் கணக்கில் 13 நாள் ஈட்டிய விடுப்பு இருக்கிறது, அதிலிருந்தே கழித்துக்கொள்ளலாம்.

ஒரு கல்யாணத்துக்குப் பத்து நாள் எதற்கு என்று நீங்கள் கேட்பது நியாயம்தான், நான் மட்டும் போவதாக இருந்தால் ஐந்து நாளில் முடித்துக்கொண்டு வந்துவிடுவேன். அம்மாவுக்கு 71 வயது, இரண்டு முழங்காலிலும் வலி, இதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை. நடுவில் ஒரு இடத்தில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும், சக்கர நாற்காலி சொல்லிவைத்தாலும் மொழி தெரியாத இடத்தில் அவரைத் தனியாக விட முடியாது. அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தாலே கால் வீங்கிவிடும். அதனால் போய் இறங்கியதும் நாலு நாள், திரும்பக் கிளம்பும் முன் நாலு நாள் ஓய்வு இருக்கட்டும் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். 8ஆம் தேதி சனிக்கிழமை இரவு கிளம்புகிறோம், 21ஆம் தேதி அங்கிருந்து ஏறி 23 ஞாயிறு காலை வீடு வந்து சேருவோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை இதுவரை அலுவலகத்தில் யாரிடமும் நான் பேசியதில்லை. அக்காவின் கணவர் 2021இல் இறந்துபோனார். விமானங்கள் நின்றிருந்த நேரம், இங்கிருந்து ஒருவராலும் போக முடியவில்லை. இறுதிச் சடங்கை அம்மா என் போனில்தான் பார்த்தார், நடுவில் இரண்டு தடவை இணைப்பு துண்டித்துப்போனது, மறுபடி கிடைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு அம்மா இன்னும் அக்காவை நேரில் பார்க்கவில்லை. இந்தக் கல்யாணத்தை அக்கா தனியாளாக நின்றுதான் நடத்துகிறாள். தேதி முடிவானதும் அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "இதையும் போன்லதான் பாக்கணுமாடா?" அதனால்தான் மேடம் மூன்று மாதம் முன்னாலேயே எழுதுகிறேன்.

இனி வேலை. வெள்ளிக்கிழமை சப்ளையர் பணப் பட்டுவாடாதான் பெரிய கவலை, நான் இல்லாத நாள்களில் 14, 21 என்று இரண்டு வெள்ளி வருகிறது. ரேவதியிடம் பேசிவிட்டேன், பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஜூலை 31, ஆகஸ்ட் 7 இரண்டு வாரமும் பட்டுவாடாவை அவரே செய்யட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். சொல்லிக்கொடுப்பதை விடச் செய்யவிட்டுப் பார்த்தால்தான் எங்கே தடுமாறும் என்பது தெரியும். உதாரணமாக நம் பட்டியலில் ஒரே பெயரில் இரண்டு சப்ளையர்கள் இருக்கிறார்கள், கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பார்த்துத்தான் நான் பிரித்துக்கொள்வேன், இது எந்தக் கோப்பிலும் எழுதப்படவில்லை. இந்த மாதிரி என் தலைக்குள் மட்டும் இருக்கிற விஷயங்களை இந்த வாரமே ஒரு தாளில் எழுத ஆரம்பித்துவிட்டேன், ஜூலை கடைசியில் உங்களுக்கும் ஒரு பிரதி தருகிறேன்.

அப்புறம் வங்கி ஓடிபி. இரண்டாவது ஒப்புதலுக்கான ஓடிபி என் எண்ணுக்குத்தான் வருகிறது. போன வருடம் நான் மூன்று நாள் ஊருக்குப் போனபோது ரயிலில் சிக்னல் இல்லாமல் ஒரு பட்டுவாடா அப்படியே நின்று, அடுத்த நாள் சப்ளையர் சரக்கை அனுப்பாமல் நிறுத்திவைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். அது என் தவறுதான், முன்கூட்டியே மாற்றியிருக்க வேண்டும். இந்த முறை ரோமிங்கை நம்பிப் போக மாட்டேன். ஒப்புதல் தருபவராக செல்வத்தின் பெயரைச் சேர்க்கும் படிவத்தை நிரப்பித் தருகிறேன், நீங்கள் கையெழுத்துப் போட்டால் ஜூலை முதல் வாரத்திலேயே வங்கியில் கொடுத்துவிடலாம். அவர் எண்ணுக்கு ஓடிபி வந்து ஒரு பட்டுவாடாவாவது ஒழுங்காக முடிந்ததைப் பார்த்த பிறகுதான் நான் கிளம்புவேன்.

சில்லறைச் செலவுப் பெட்டியை 7ஆம் தேதி மாலை ரேவதியும் நானும் சேர்ந்து எண்ணி, ரொக்கப் புத்தகத்தில் இருவரும் கையெழுத்திட்டுச் சாவியை அவரிடம் கொடுத்துவிடுகிறேன். உள் தணிக்கைக்குக் கேட்ட வவுச்சர்கள் ஜூலைக்குள் முடிந்துவிடும். சம்பளக் கணக்குக்கு வருகைப் பதிவு 25ஆம் தேதிதான் வரும், அதற்கு முன்னால் நான் வந்துவிடுவதால் அதை யாரும் தொட வேண்டாம்.

அவசரம் என்றால் கூப்பிடுங்கள். அங்கே நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால், அதாவது நம் அலுவலகத்தில் காலை பத்து என்றால் அங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. அதனால் இங்கே மாலை ஏழிலிருந்து எட்டுக்குள் பேசினால் எனக்கு அங்கே காலை ஒன்பதரை தாண்டியிருக்கும், தினமும் அந்த நேரத்தில் போனைக் கையில் வைத்திருப்பேன். மற்ற நேரத்தில் மெயிலில் போட்டால் காலையில் எழுந்ததும் பார்த்துவிடுகிறேன். 15ஆம் தேதி மட்டும் என்னை விட்டுவிடுங்கள்.

உங்களிடம் எனக்கு இரண்டு உதவி வேண்டும். ஒன்று, விடுப்புக்கு ஒப்புதல். இன்னொன்று, விசா விண்ணப்பத்தோடு இணைக்க நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம்: நான் இங்கே எத்தனை வருடமாக, என்ன பொறுப்பில் இருக்கிறேன், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை விடுப்பு, 24ஆம் தேதி வேலைக்குத் திரும்புகிறேன் என்ற விவரம் இருந்தால் போதும். வரைவை நானே எழுதி மனிதவளப் பிரிவுக்கு அனுப்புகிறேன். இருவருக்கும் கைரேகைப் பதிவு முடிந்து, அதன் பிறகு விசா வர வாரக்கணக்கில் ஆகும், அதனால் மே 29க்குள் உங்கள் பதில் கிடைத்தால் ஜூன் முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுவேன். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை, உங்களைக் கேட்காமல் எடுக்கக் கூடாது என்றுதான் நிறுத்திவைத்திருக்கிறேன்.

பத்து நாளும் ஒரேயடியாகத் தர முடியாத நிலை என்றால் நேராகச் சொல்லுங்கள் மேடம். கடைசி இரண்டு நாளைக் குறைத்து 19ஆம் தேதியோடு முடித்துக்கொள்ள முடியும், அம்மாவுக்குக் கொஞ்சம் சிரமம்தான், ஆனால் சமாளிக்கலாம். முன்பக்கத்தில் மட்டும் குறைக்க முடியாது. விசா கிடைக்காமல் போனால் அன்றைக்கே உங்களிடம் சொல்லி விடுப்பை ரத்து செய்துவிடுகிறேன்.

நாளை மதியம் மூன்று மணிக்கு மேல் நீங்கள் ஓய்வாக இருந்தால் வங்கிப் படிவத்தோடு வந்து நேரில் பேசுகிறேன்.

நன்றி மேடம்.

இப்படிக்கு,
முருகானந்தம்
கணக்குப் பிரிவு