கலா அக்காவுக்கு: வைஃபை பில்லைப் பங்கு போட்டுக்கலாமா?

அக்கா, எதிர் வீட்டு சத்யா. இதை நேர்ல பேசினா, காசுன்னு வந்ததும் ரெண்டு பேருமே "பரவாயில்ல, பரவாயில்ல"ன்னே முடிச்சிடுவோம். அதான் எழுதறேன்.

நேத்து ராத்திரி யாழினி மாடிப்படில உக்காந்து, போனை ஜன்னல் கம்பிக்கிட்ட தூக்கிப் பிடிச்சுக்கிட்டு டியூஷன் கிளாஸ் கேட்டுக்கிட்டிருந்தா. டவர் அங்கதான் கிடைக்குதாம். எங்க வீட்ல 100 எம்பிபிஎஸ் கனெக்‌ஷன், ராத்திரில பாதிகூட ஓடறதில்ல. பில்லைப் பங்கு போட்டுக்கலாமா?

மாசம் 799, 18% ஜிஎஸ்டி சேர்த்து 943 ரூபா. சரிபாதி கேட்டா அது நியாயமில்ல. பகல் முழுக்க ஆபீஸ் வேலைக்கு நான்தான் இழுக்கறேன். அதனால நீங்க 350, நான் 593. 5ஆம் தேதிக்குள்ள ஜிபே பண்ணிடுங்க. நீங்க ஊருக்குப் போய் 15 நாளுக்கு மேல வீடு பூட்டியிருந்தா அந்த மாசம் 175 போதும். ரூட்டர் ரிப்பேர் ஆனா என் செலவு. நெட் ஒண்ணு ரெண்டு நாள் படுத்துக்கிட்டா கணக்குப் பாக்க வேண்டாம்.

காலைல 10லேருந்து 1 வரைக்கும் எனக்கு வீடியோ கால் இருக்கும். அப்ப மட்டும் பெரிய டவுன்லோடு வேண்டாம். யாழினிக்குப் பரீட்சை, ஆன்லைன் டெஸ்ட்னா அன்னிக்கு அவளுக்குத்தான் முதல் உரிமை, நான் மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கறேன்.

பாஸ்வேர்டு விஷயம் கொஞ்சம் கறாரா சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. உங்களுக்குன்னு தனியா `2F_Guest`னு ஒரு கெஸ்ட் நெட்வொர்க் போட்டுத் தரேன். அதுல இருந்தா என் ஆபீஸ் லேப்டாப்புக்கும் உங்க போனுக்கும் சம்பந்தம் இருக்காது, ரெண்டு பேருக்கும் நல்லது. பாஸ்வேர்டை வாட்ஸ்அப்ல அனுப்ப மாட்டேன், அது எங்கெங்கயோ ஃபார்வர்டு ஆயிடும். பேப்பர்ல எழுதி உங்க கைல தரேன். விருந்தாளி கேட்டா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுக் குடுங்க, அவங்க கிளம்பினதும் மாத்திடறேன். இல்லாட்டி மூணு மாசத்துக்கு ஒருதரம் மாத்துவேன். ரூட்டர்ல எத்தனை போன் ஒட்டியிருக்குன்னு தெரியும், அதை மட்டும்தான் பாப்பேன். நீங்க என்ன பாக்கறீங்கன்னு நோண்டற ஆள் நான் இல்ல.

கனெக்‌ஷன் என் பேர்ல இருக்கு. ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா முதல்ல என் கதவைத்தான் தட்டுவாங்க. திருட்டுப் பட டவுன்லோடு மட்டும் வேண்டாம்னு தம்பிகிட்டயும் சொல்லிடுங்க. பக்கத்து வீட்டோட பகிர்ந்துக்க அனுமதி உண்டான்னு கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கேன். சரின்னு பதில் வந்தாத்தான் ஆரம்பிப்போம், முடியாதுன்னா விட்டுடுவோம்.

நடுவுல கான்கிரீட் சுவர் வேற. உங்க வாசல்ல நின்னு பாத்தேன், 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 38 எம்பிபிஎஸ் வந்துச்சு. 5 கிகாஹெர்ட்ஸ் ஒரு கோடுதான். உள் ரூம்ல எப்படின்னு தெரியல. அதனால முதல் ஒரு வாரம் காசில்லாம ஓட்டிப் பாருங்க. பிடிக்கலன்னா எப்ப வேணா நிறுத்திக்கலாம், நானா நிறுத்தணும்னா ஒரு மாசம் முன்னாடியே சொல்லிடறேன்.

அண்ணன்கிட்டயும் கேட்டுட்டு ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க அக்கா.