பாக்டீரியாக்கள் கூடி வாழும் படலத்தை ஆராய்கிறேன்

நான் நுண்ணுயிரியல் ஆய்வாளர். காலையில் பல் துலக்கும் முன் நாவால் பல்லைத் தடவினால் பிசுபிசுப்பாக ஒரு படலம் தட்டுப்படும். அது ஏராளமான பாக்டீரியாக்கள் தாமே சுரந்த பசைக்குள் அமைத்துக்கொண்ட குடியிருப்பு. உயிரிப்படலம் என்பது இதுதான். இதே படலம் சிறுநீர் வடிகுழாயிலோ செயற்கை மூட்டிலோ படிந்துவிட்டால், தனித்து மிதக்கும் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகூட அங்கே எளிதில் பலிப்பதில்லை; சில வேளைகளில் கருவியையே அகற்ற நேர்கிறது. பாக்டீரியா முதலில் ஒட்டிக்கொள்ளும் கட்டத்தையே ஆராய்கிறேன். அதை ஒட்டவிடாத மேற்பரப்புகளைத் தேடுகிறேன்.

ஆய்விதழ்களுக்கு எழுதுவதை நோயாளிகளுக்கும் செவிலியர்களுக்கும் புரியும்படி எளிய தமிழிலும் எழுதுகிறேன். தன் உடலுக்குள் பொருத்தப்படும் கருவியில் என்ன நடக்கக்கூடும் என்பதை அறிவது ஒருவரின் உரிமை என்று உறுதியாக நம்புகிறேன். பள்ளி, மருத்துவமனை, வானொலி என எங்கு அழைத்தாலும் பேச வருவேன்.