என் சிம் அட்டையைத் தவறாக முடக்கியது பற்றிய புகார்

அனுப்புநர்
வி. தமயந்தி, தையற்கலைஞர்
ஜெலுத்தோங், பினாங்கு

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் புகார்ப் பிரிவு

22 செப்டம்பர் 2025

பொருள்: 4417 என்று முடியும் என் எண்ணை 11.9.2025 முதல் 19.9.2025 வரை தவறாக முடக்கியதால், வாட்ஸ்அப் உரையாடல்களை மீட்கத் தேவையான குறியீடு வராமல் போனது – விளக்கமும் இழப்பீடும் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

நான் உங்கள் நிறுவனத்தின் மாதக் கட்டண வாடிக்கையாளர். 14 வருடமாக இந்த ஒரே எண்தான். ஒரு மாதம்கூட பில் பாக்கி வைத்ததில்லை. மலாயில் இரண்டு முறை மின்னஞ்சல் போட்டேன், இரண்டுக்கும் ஒரே பதில், ஒரு எழுத்துகூட மாறாமல் வந்தது. உங்கள் சேவை எண்ணில் பேசிய தமிழ் அதிகாரி ஒருவர், "அக்கா, தமிழிலேயே விவரமாக எழுதிக் கொடுங்கள், உரிய இடத்தில் நானே சேர்க்கிறேன்" என்றார். அவர் சொன்னதால்தான் இந்தக் கடிதம்.

செப்டம்பர் 10, புதன்கிழமை இரவு, இஸ்திரிக்குத் தெளிக்க வைத்திருந்த தண்ணீர் வாளியில் என் கைப்பேசி விழுந்துவிட்டது. அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. மறுநாள் மாலை கொம்தாரில் புதுக் கைப்பேசி வாங்கி, பழைய சிம்மை எடுத்துப் போட்டேன். திரையில் "No service" என்று வந்தது. கடைக்காரத் தம்பி சிம்மைத் துடைத்துப் போட்டார், இடம் மாற்றிப் போட்டார், தன் கைப்பேசியிலும் போட்டுப் பார்த்தார். எதிலும் உயிர் இல்லை. "இது சிம் கோளாறு இல்லைக்கா, கம்பெனிக்காரன் அடைத்துவிட்டான்" என்று அவர்தான் முதலில் சொன்னார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை உங்கள் கிளை திறக்கும்போதே போய் நின்றேன். முகப்பில் இருந்த பெண் என் அடையாள அட்டையை வாங்கி, கணினியில் பார்த்துவிட்டு, "உங்கள் சிம் தொலைந்துவிட்டதாக நேற்றுக் காலை 9.40க்குப் புகார் வந்திருக்கிறதே" என்றார். நான் அப்படி யாரையும் அழைக்கவில்லை. அழைக்க என்னிடம் கைப்பேசியே இல்லை. அவர் இன்னும் கொஞ்சம் தேடிப் பார்த்துவிட்டு, அழைத்தவரின் எண் 4477 என்று முடிகிறது, பதிவு செய்தவர் 4417 என்று அடித்துவிட்டார் போலிருக்கிறது என்றார். ஒரே ஓர் இலக்கம். அந்தப் பெண் மீது எனக்கு வருத்தம் இல்லை. அவர் மன்னிப்புக் கேட்டார், தண்ணீர் கொடுத்தார். ஆனால் தடையை எடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை, தலைமையகத்துக்கு அனுப்பி மூன்று வேலை நாள் ஆகும் என்றார். அடைக்கும்போது ஒரு நிமிடத்தில் அடைத்த உங்களுக்கு, திறக்க மட்டும் ஏன் மூன்று நாள்? அந்த மூன்று நாளும் சனி, ஞாயிறு, மலேசியா தின விடுமுறை என்று நீண்டு, கடைசியில் எட்டு நாள் ஆனது.

அந்த எட்டு நாளில் என்ன நடந்தது என்று சொன்னால்தான் என் புகார் உங்களுக்குப் புரியும்.

நான் வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது யாரும் அளவு கொடுக்க வீட்டுக்கு வர முடியவில்லை. பழைய அளவு ரவிக்கையை மேசையில் விரித்து, பக்கத்தில் டேப் வைத்துப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினார்கள். அது அப்படியே பழகிவிட்டது. இப்போது கூலிமிலிருந்தும் சுங்கைப் பட்டாணியிலிருந்தும் வருகிறவர்கள் துணியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள், மற்றதெல்லாம் உரையாடலில்தான் இருக்கும். முன் கழுத்து ஏழு, பின் கழுத்து ஒன்பது, கை பத்தரை, லைனிங் வேண்டும், கொக்கி முன்னால். அப்புறம் குரல் பதிவுகள். "அக்கா, போன தடவை கை கொஞ்சம் பிடிக்குது, அரை இஞ்சு விட்டுத் தைங்க." அந்த அரை இஞ்சு வேறு எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. தீபாவளி அக்டோபர் 20. எங்கள் தொழிலில் செப்டம்பர் நடுவில்தான் வெட்டு வேலை முழு வேகத்தில் நடக்கும். மேசை மேல் 37 துணிகள் இருந்தன. யாருடைய துணி எது என்று எனக்குத் தெரியும். எப்படி வெட்டுவது என்பது அந்த உரையாடல்களில் இருந்தது.

அந்த உரையாடல்கள் தொலையவில்லை. என் மகள் கூகுள் டிரைவில் ஒவ்வோர் இரவும் காப்புப்பிரதி எடுக்கும்படி செய்து வைத்திருந்தாள். ஆனால் புதுக் கைப்பேசியில் அதை மீட்க வேண்டுமென்றால் முதலில் அந்த எண் என்னுடையதுதான் என்று காட்ட வேண்டும். ஆறு இலக்கக் குறியீடு ஒன்று அதே எண்ணுக்குக் குறுஞ்செய்தியாகவோ அழைப்பாகவோ வரும். அதைப் போட்டால்தான் "மீட்கவா?" என்றே கேட்கும். என் எண்ணுக்கு இரண்டுமே வராது. மகள் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அடுத்த குறியீட்டுக்குக் காத்திருக்கும் நேரம்தான் கூடியது. உங்கள் சேவை எண்ணில் ஒருவர், "அவசரம் என்றால் புது எண் எடுத்து வாட்ஸ்அப் போட்டுக்கொள்ளுங்களேன்" என்றார். நானும் எடுத்தேன், 40 ரிங்கிட் செலவு. புது எண்ணில் வாட்ஸ்அப் வெறுமையாகத் திறந்தது. பழைய எண்ணின் காப்புப்பிரதி புது எண்ணுக்கு வராது. இதுகூடத் தெரியாதவரை மக்களுக்கு யோசனை சொல்ல உட்கார வைக்கலாமா?

காத்திருக்க முடியாமல் ஒரு துணியை நினைவில் வைத்து வெட்டினேன். மயில் கழுத்து நிறப் பட்டு, சேலையோடு ஒட்டி வந்த துண்டு. பின் கழுத்து ஒன்பது என்று நினைத்து வெட்டினேன். அந்த அம்மா இந்த முறை ஏழு போதும் என்று சொல்லியிருந்தார். அறுபது வயதுக்காரர், முதுகு தெரியக்கூடாது என்பார். வெட்டிய பட்டை ஒட்ட முடியாது. மறுநாள் லிட்டில் இந்தியா முழுக்க அலைந்து, ஓரளவு பொருந்துகிற பட்டு 95 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். நிறம் ஒரு சாயல் மாறித்தான் இருக்கிறது. 26 வருடத் தொழிலில் வாடிக்கையாளர் துணியை நான் கெடுத்தது அதுதான் முதல் முறை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என்னை அழைத்தவர்களுக்கு மணி அடிக்கவே இல்லை, அனுப்பிய செய்திக்கு ஒரு டிக்தான். துணியை வாங்கிக்கொண்டு ஆள் மறைந்துவிட்டாள் என்று ஒருவர் தன் தங்கையிடம் சொல்லியிருக்கிறார், அது என் காதுக்கும் வந்தது. இரண்டு குடும்பங்கள் வீட்டுக்கே வந்து துணியைத் திருப்பி வாங்கிப் போயின. ஒன்று ஐந்து ரவிக்கை, மற்றது நான்கு. இன்னொரு பெண் ஆரி வேலை ரவிக்கையை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்.

19ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை சிம் உயிர் பெற்றது. ஒரு தகவல்கூட நீங்கள் அனுப்பவில்லை, நானாகத்தான் பார்த்தேன். குறியீடு கேட்டோம், அரை நிமிடத்தில் வந்தது. எல்லா உரையாடலும் திரும்பக் கிடைத்தது. எட்டு நாளாகக் காத்திருந்த செய்திகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. அந்த அரை நிமிட வேலை 11ஆம் தேதியே முடிந்திருக்க வேண்டியது.

இன்னொன்று. என் கணக்கில் பணத்தைவிட இதுதான் பெரிது, தயவுசெய்து கவனித்துப் படியுங்கள். சிம் தொலைந்தது என்று புகார் வந்தால் அடுத்ததாக நீங்கள் செய்வது அதே எண்ணுக்குப் புது சிம் கொடுப்பது. அந்த 4477காரர் கிளைக்கு வந்து, அங்கேயும் யாராவது அடையாள அட்டையைச் சரிபார்க்காமல் 4417க்கு சிம் கொடுத்திருந்தால்? எனக்கு வர வேண்டிய குறியீடு அவர் கையில் போயிருக்கும். என் பெயரில் வாட்ஸ்அப் திறந்திருப்பார். பழைய படங்கள் அவருக்குப் போகாது, உண்மைதான். ஆனால் அந்த வாரம் பெண்கள் எனக்கு அனுப்பிய அளவுகள், ரவிக்கை போட்டுப் பார்த்து எடுத்த படங்கள் எல்லாம் அவருக்குப் போயிருக்கும். இரண்டாம் கட்டப் பாதுகாப்புக்கு என் மகள் ரகசிய எண் வைத்திருக்கிறாள். அதுவும் ஏழு நாள் காத்திருந்தால் நீக்கிவிடக்கூடியதுதான். உங்கள் தடை எட்டு நாள் இருந்தது. அந்தப் பெண்கள் என்னை நம்பி அனுப்புகிறார்கள். அவர்கள் கணவரிடம்கூடக் காட்டாத படங்கள் அவை. நல்ல வேளையாக அப்படி நடக்கவில்லை என்று நீங்கள் சமாதானம் சொல்லக்கூடாது. நடக்காமல் இருந்ததில் உங்கள் பங்கு எதுவும் இல்லை.

அதனால் நான் கேட்பது இது. முதலில், 11ஆம் தேதி அழைத்தவரிடம் பெயரும் அடையாள அட்டை எண்ணும் கேட்கப்பட்டதா, கேட்டிருந்தால் அது என் விவரத்தோடு ஒத்துப்போகவில்லை என்பதை ஏன் யாரும் பார்க்கவில்லை என்று எழுத்தில் சொல்லுங்கள். "தொழில்நுட்பக் கோளாறு" என்ற பதிலை நான் ஏற்கமாட்டேன், ஏனென்றால் தவறு எங்கே நடந்தது என்பதை உங்கள் கிளையிலேயே சொல்லிவிட்டார்கள். என் எண்ணுக்கு வேறு சிம் எதுவும் அந்த நாள்களில் வழங்கப்படவில்லை என்ற உறுதியும் எழுத்தில் வேண்டும். அப்புறம், 11 முதல் 19 வரை என் எண் வேலை செய்யாதது நிறுவனத்தின் பிழையால்தான் என்று உங்கள் முத்திரையோடு ஒரு கடிதம் தாருங்கள். அதை என் வாடிக்கையாளர்களுக்குக் காட்ட வேண்டும். வாயால் சொன்னால் சாக்குச் சொல்கிறாள் என்பார்கள்.

இழப்பீட்டுக் கணக்கு: கைவிட்டுப் போன ஒன்பது ரவிக்கை, ஒன்றுக்கு 85 ரிங்கிட் வீதம் 765. ஆரி வேலை 280. வாங்கிக் கொடுத்த பட்டு 95. உங்கள் ஆள் சொல்லி எடுத்த புது எண் 40. இந்த மாதக் கட்டணம் 58. மொத்தம் 1,238 ரிங்கிட். ரசீது உள்ளவற்றுக்கு ரசீதும், துணியைத் திருப்பி வாங்கியவர்கள் கையெழுத்திட்ட சீட்டும் இணைத்திருக்கிறேன். அலைச்சலுக்கும் மனவேதனைக்கும் ஒரு காசும் சேர்க்கவில்லை.

தொலைந்ததாகப் புகார் வந்தால், முடக்கும் முன் அந்த எண்ணுக்கே ஒரு தடவை அழைத்துப் பாருங்கள். என் கைப்பேசி அன்று அணைந்திருந்தது, எனக்கு அது உதவியிருக்காது. ஆனாலும் இன்னொருவருக்கு உதவும். பிழையான தடை என்று அடையாள அட்டையோடு ஒருவர் நேரில் வந்து நின்றால், அதைக் கிளையிலேயே அன்றே எடுக்க அதிகாரம் கொடுங்கள்.

அக்டோபர் 6க்குள் பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் இதே கடிதத்தையும் இணைப்புகளையும் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடமும், பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடமும் கொடுப்பேன். இப்போது என் எண் வேலை செய்கிறது, அதிலேயே என்னை அழைக்கலாம். பகலில் தையல் இயந்திரச் சத்தத்தில் கேட்காமல் போகலாம், இரண்டாவது முறையும் அழையுங்கள்.

இப்படிக்கு,
வி. தமயந்தி

இணைப்பு: கிளையில் கொடுத்த புகார்ச் சீட்டின் நகல், ரசீதுகள் மூன்று, வாடிக்கையாளர் கையெழுத்திட்ட சீட்டுகள் இரண்டு, குறியீடு வராத திரைப் படங்கள் நான்கு