கம்பம்–குமுளி ஏலக்காய் விளம்பரம்: வெட்டி ஒட்டும் ஷாட்டுகளுக்கான பிராம்ப்ட்கள்

பின்னணி முழுக்கக் குமுளி மலைப்பாதையில் சாயங்காலம் எடுத்தாயிற்று. வெயில் இடப்பக்கம், கேமரா நெஞ்சு உயரம், 25 ஃபிரேம். அதன்மேல் வெட்டி ஒட்டவேண்டியதை AI வீடியோ மாடலில் உருவாக்கத்தான் இந்த நாலு பிராம்ப்டும். அந்த வெளிச்சத்துக்கு எழுதியவை, அதைத் தொடவேண்டாம். "தவிர்க்க" என்றிருப்பதை நெகட்டிவ் பெட்டியில் மட்டும் போடவும். பிராம்ப்டுக்குள்ளேயே "நிழல் வேண்டாம்" என்று எழுதினால் சில மாடல்கள் நிழலைத்தான் வரைந்து தரும்.

1. தோட்டத்துக்குப் போகும் அக்கா

ஒரே ஒரு தமிழ்ப் பெண், வயது 45, மாநிறம். மெரூன் நூல்சேலை, மேலே பழுப்பு முழுக்கைச் சட்டை, முடி முழுக்க மூடும்படி தலையில் இறுகக் கட்டிய துண்டு. நின்ற இடத்திலேயே லேசாகச் சிரித்து, வலது கையை மெதுவாக உயர்த்துகிறார். தலை முதல் பாதம் வரை முழு உருவம், நாலு பக்கமும் தாராள இடைவெளி. அசையாத கேமரா, நெஞ்சு உயரம். இடப்பக்கமிருந்து இளமஞ்சள் வெயில். ஆள் முழுக்கத் துல்லியமான ஃபோகஸ். பின்னணி விளிம்புவரை ஒரே தட்டையான பச்சை, #00B140, சீரான வெளிச்சம்.

தவிர்க்க: நிழல், தரைக்கோடு, திரை மடிப்பு, நிறச் சரிவு, பச்சை உடை, ஜரிகை, பறக்கும் முடி, கேமரா நகர்வு, எழுத்து.

துண்டு அழகுக்காக இல்லை. பறக்கும் முடியில் பச்சை கலந்துவிட்டால், பின்னணி நிறத்தை நீக்கும் கீயிங்கில் பாதி முடி போய்விடும்.

2. கையில் ஏலக்காய்: இதற்கு நீலம்தான்

பச்சைத் திரையில் காயே ஓட்டையாகிவிடும்.

இரண்டு கைகள், முழங்கைவரை, நெருக்கக் காட்சி. உள்ளங்கையில் பச்சை ஏலக்காய் ஒரு பிடி. ஒரு கையிலிருந்து மற்றதற்கு மெதுவாக, சிந்தாமல் சரிகின்றன. ஒவ்வொரு காயின் விளிம்பும் கூர்மை. அசையாத கேமரா, இடப்பக்க வெயில். பின்னணி தட்டையான நீலம், #0047BB.

தவிர்க்க: வேகமான அசைவு, மங்கல், வளையல், மோதிரம், நீலச் சட்டை.

3. ஜீப்பு

பழைய ஜீப்பு, மங்கிய சிவப்பு பெயிண்ட், மேல்பகுதி திறந்தது, முன் கண்ணாடி பானெட்மேல் மடித்தது. பக்கவாட்டில் நிற்கிறது, ஓட்டுநர் மட்டும் உள்ளே, ஸ்டியரிங்கில் விரல் தட்டுகிறார். முழு வண்டியும் ஃபிரேமுக்குள். அசையாத கேமரா, இடப்பக்க வெயில். பின்னணி தட்டையான பச்சை, #00B140.

தவிர்க்க: பளபளக்கும் குரோம், தூசி, புகை, நிழல், நம்பர் பிளேட் எழுத்து.

சக்கரத்தடி நிழலை எடிட்டில் தனி லேயராகப் போடவும். இல்லாவிட்டால் வண்டி அந்தரத்தில் மிதக்கும்.

4. கட்டன் சாயா ஆவி

மெல்லிய வெள்ளை ஆவி மட்டும், கீழிருந்து மெதுவாக எழுந்து கலைகிறது. வேறு பொருள் எதுவும் ஃபிரேமில் இல்லாத, விளிம்புவரை முழுக் கருப்புப் பின்னணி, #000000. அசையாத கேமரா.

தவிர்க்க: கிளாஸ், மேசை, நெருப்பு, வண்ண ஒளி.

இதற்குக் கீயிங் வேண்டாம். நிஜமாக எடுத்த கிளாஸ் ஷாட்டின்மேல் ஸ்கிரீன் பிளெண்டில் போட்டால் கருப்பு தானே மறைந்துவிடும்.

ஒவ்வொன்றிலும் முதல், நடு, கடைசி ஃபிரேமில் நாலு மூலை நிறத்தையும் ஐட்ராப்பரில் பார்க்கவும். ஒரு மூலை மட்டும் கண்ணுக்கே நிறம் மாறித் தெரிந்தால் சரிசெய்ய உட்காராமல் திரும்ப ஜெனரேட் செய்யவும்.